கடிதத் தலைப்பின் கீழ் பேசுவது யார்?

அளவெட்டியில் ஓர் ஒழுங்கையில் கார்த்திகை மழைக்கு வெள்ளம் நின்றால், அதைப் பற்றிய கடிதம் இப்போதெல்லாம் முதலில் கைபேசியில்தான் எழுதப்படுகிறது. 'எங்கட ஒழுங்கையில முழங்காலளவு தண்ணி நிக்குது, மதகு அடைபட்டுக் கிடக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையள் போகேலாது, உடன நடவடிக்கை எடுங்கோ' என்று நாலு வரி. அது வட்ஸ்அப்பில் கொமினிகேசன் கடைக்குப் போகும். பின்னாலேயே, "தம்பி, இதைச் சங்கத்தின்ர லெட்டர்ஹெட்டிலை அடிச்சுத் தாரும்" என்று ஒரு குரல் பதிவும் போகும். கடைக்காரரிடம் பழைய கோப்பு ஒன்று தயாராக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலைப்பு, திகதி, விடயம், கையொப்பத்துக்கான புள்ளிக்கோடு எல்லாம் அமைந்த கடிதம் அச்சாகி வந்துவிடும்.

இந்த வேலையை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. மேற்சொன்ன நாலு வரியில் எந்த ஒழுங்கை, எந்த நாள், யாருக்கு, யார் எழுதுகிறார் என்ற நான்கும் இல்லை. கடித அமைப்புக்குள் இறங்கியதும் அந்த நான்கு இடங்களும் வெறுமையாக நின்று பதில் கேட்கும். 'பெறுநர்' என்ற இடத்தை நிரப்பப் போனாலே உண்மையான கேள்வி எழும்: இந்த வீதி யாருடையது? இலங்கையில் ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சீ, டீ தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்திடமும், உள்ளொழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையிடமும் இருக்கின்றன. மதகு ஒழுங்கையும் பெருவீதியும் சந்திக்கும் இடத்தில் இருந்தால், வலிகாமம் வடக்கு பிரதேச சபைக்கு எழுதியது பிழையான வாசலாகிவிடலாம். பிழையான வாசலுக்குப் போன கடிதம் 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு இன்னொரு அலுவலகத்துக்கு நகரும். அதற்குள் மாரி முடிந்துவிடும். கைபேசியில் எழுதியவர் கேட்காத இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான், என் கணிப்பில், கடித அமைப்பின் முதன்மையான பலம்.

சிக்கல், அந்தக் கேள்விக்குக் கடைக்காரரின் பழைய கோப்பு தானே பதில் சொல்லிவிடும்போது தொடங்குகிறது. முன்பு யாரோ பிரதேச செயலாளருக்கு எழுதிய கடிதத்தின் மேல் புதிய விடயத்தை ஒட்டினால், பெறுநர் பழையவராகவே நிற்பார். 'பிரதிகள்' பட்டியலில் சம்பந்தமில்லாத திணைக்களங்கள் அப்படியே தொடரும்.

கடிதத் தலைப்பு இதைவிட ஆழமான இடம். ஒரு தனி ஆளின் முறைப்பாடு சனசமூக நிலையத்தின் தலைப்பில் அச்சானதும், பேசுகிறவர் மாறிவிடுகிறார். உள்ளூராட்சித் திணைக்களத்தில் பதிவுள்ள ஒரு நிலையம், பதிவிலக்கத்தோடு, தன் நிர்வாகத்தின் பெயரில் பேசுகிறது என்றுதான் அந்தத் தாளுக்குப் பொருள். நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் இருந்தால் அது நியாயமான பலம். ஒரு வீட்டுக்காரரின் கடிதத்தைவிட அதற்குக் கனம் அதிகம். தீர்மானம் இல்லாவிட்டால், பக்கத்து வளவுக்காரர் 'நிலையம் எப்ப இப்படி முடிவெடுத்தது?' என்று கேட்கும் நாளில் செயலாளர் தலையைச் சொறிவார். வெள்ள வாய்க்கால் என்றால் கட்டாயம் ஒருவரின் வேலியோரம் பறிபோகும். அப்படி ஒருவர் கேட்கத்தான் போகிறார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதும் கடிதத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இந்த உரிமையைப் பிரசைக்குத் தருகிறது. அமைப்பொன்றும் கேட்கலாம், ஆனால் அதன் உறுப்பினரில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இலங்கைப் பிரசைகளாக இருக்க வேண்டும். மதகு துப்புரவுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று ஓர் அம்மா தன் பெயரில் ஒற்றைத் தாளில் எழுதிக் கேட்டால் போதும். தகவல் அலுவலர் முடிவைச் சொல்ல 14 வேலை நாட்கள். அதே கேள்வியை, மதிப்புக் கூடும் என்று நினைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களே பெரும்பாலும் உறுப்பினராக உள்ள ஊர்ச் சங்கமொன்றின் வண்ணத் தலைப்பில் அச்சிட்டால், இல்லாத கேள்வி ஒன்றை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாகும். அவ்விடத்தில் வெறும் தாளே வலுவான தாள்.

திகதி சிறிய விடயம் போலத் தோன்றும். ஆனால் நான் பார்த்த வரையில் கணினிக் கடிதங்களில் அதிகம் கெட்டுப்போவது அதுதான். வேர்டில் திகதியைச் செருகும்போது `Update automatically` என்ற கட்டம் தெரிவாகியிருந்தால், அந்தக் கோப்பைத் திறக்கும் நாளின் திகதியே கடிதத்தில் ஏறும். கார்த்திகையில் எழுதிய கடிதத்தின் பிரதியைத் தையில் எடுக்கப் போனால் அது தை மாதக் கடிதமாகியிருக்கும். 'இரண்டு மாதமாகியும் பதில் இல்லை' என்ற நினைவூட்டல் அதோடு விழுந்துவிடும். திகதியின் மேல் சொடுக்கும்போது அது சாம்பல் நிறக் கட்டமாகத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். இன்னொன்று, ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி வலப்பக்கம் தள்ளிய திகதி எழுத்துரு மாறியதும் அடுத்த வரிக்கு ஓடிவிடும். வலப்பக்க ஒழுங்கு கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எழுத்துரு என்றதும் பாமினியைச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் பழைய கோப்புகள் பல இன்னும் பாமினியில்தான். கைபேசியில் வந்த வரிகளோ யூனிகோட். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டும்போது அச்சில் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும்போதுதான் குட்டு வெளிப்படும். மறுமுனையில் பாமினி இல்லையென்றால் தலைப்பிலுள்ள 'அளவெட்டி' `msntl;b` என்று திறக்கும்; உள்ளே உள்ள முறைப்பாடு மட்டும் தமிழாக நிற்கும். யாரோ முறைப்பாட்டாளரின் விவரத்தை மறைத்துவிட்டது போல இருக்கும். தலைப்பையும் யூனிகோடுக்கு மாற்றுவதே சரியான வழி. அவசரமென்றால் பிடிஎஃப் ஆக அனுப்பலாம்.

கையொப்ப இடத்துக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவர் ஒப்பமிட்டு, அதன் மேல் பாதி படும்படி இறப்பர் முத்திரை குத்த, ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். தலைவரும் செயலாளரும் ஒப்பமிடுவதானால் பக்கம் பக்கமாக இரண்டு இடம். பெரிய தலைப்பு ஏ4 தாளின் மேல்பகுதியை விழுங்கிவிட்டால், ஒப்பம் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போகும். இது அழகுக் குறை மட்டுமன்று: எந்தக் கடிதத்துக்கும் பின்னால் இணைக்கக்கூடிய, ஒப்பமும் முத்திரையும் உள்ள வெற்றுத் தாள் ஒன்று ஊரில் உலாவப் போகிறது என்று பொருள். கடைசிப் பந்தியின் இரண்டு வரியாவது ஒப்பத்தோடு அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தலைப்பைச் சுருக்குவதுதான் நேர்மையான வழி; எழுத்தைச் சிறிதாக்கினால் வாசிக்கிற அலுவலருக்குத்தான் தண்டனை.

கடையில் நடக்கும் இன்னொரு மாற்றத்தை நான் ஏற்கமாட்டேன். 'முழங்காலளவு தண்ணி நிக்குது' என்பது 'மழைக்காலங்களில் பெரும் அசௌகரியங்களை எதிர்நோக்கி வருகின்றோம் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகின்றோம்' என்று மாறும். பேச்சுநடையை எழுத்துநடையாக்குவது சரி. ஆனால் அளவு போய்விட்டது. முழங்கால் என்ற சொல்லைப் பார்த்துத்தான் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சைக்கிளில் வந்து பார்ப்பதா, உழவு இயந்திரத்தோடு ஆட்களை அனுப்புவதா என்று முடிவெடுப்பார். 'பள்ளிக்கூடப் பிள்ளையள்' என்ற பகுதியும் 'பொதுமக்கள்' ஆகிக் கரைந்துவிடுகிறது. 'ஒழுங்கையின் கிழக்கு முனையிலுள்ள மதகு அடைபட்டுள்ளதால் முழங்காலளவு நீர் நிற்கிறது. மாணவர் செல்ல முடியவில்லை' என்று எழுதினால் முறையான கடிதமாகவும் இருக்கும், எழுதியவர் சொன்னதும் தப்பிப் பிழைக்கும்.

அச்செடுக்கும்போது இரண்டு பிரதி எடுக்க வேண்டும். இரண்டாவதில் வலப்பக்க மேல்மூலையை வெறுமையாக விட்டால், அலுவலகத்தில் 'கிடைக்கப்பெற்றது' முத்திரையையும் அன்றைய திகதியையும் அங்கே பதித்து வாங்கலாம். 14 வேலை நாட்களோ, இரண்டு மாதமோ, எண்ணத் தொடங்குவது நாம் தட்டிய திகதியிலிருந்து அன்று, அந்த முத்திரையின் திகதியிலிருந்துதான். சில சங்கங்களின் தலைப்பில் அந்த மூலையில் இலச்சினை உட்கார்ந்திருக்கிறது. அதை இடப்பக்கம் நகர்த்தச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை.