தவறைத் தானே திருத்தும் அட்டவணை, திருத்தாத தவறுகள்

கட்டமைப்பியல் படித்தவர்களிடம் கானி முறை பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நடுவில் கணக்கு தப்பினாலும் பரவாயில்லை, அடுத்த சுற்றில் தானே சரியாகிவிடும்." பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விடுவதால் இந்த முறைக்கு அதன் தகுதிக்கு மேலான நம்பிக்கை கிடைத்துவிடுகிறது.

காஸ்பர் கானி தன் முறையை ஜெர்மன் மொழியில் 1949-இல் நூலாக வெளியிட்டார். அதற்குப் பத்தொன்பது ஆண்டு முன்பே, 1930-இல், அமெரிக்காவின் ஹார்டி கிராஸ் திருப்புத்திறன் பகிர்வு முறையைத் தந்திருந்தார். பக்கவாட்டில் நகரும் பல மாடிச் சட்டகங்களுக்கு கிராஸ் முறையில் தனித்தனியாகப் பல கணக்குகள் போட்டு இணைக்க வேண்டும். கானி அந்த நகர்வையும் ஒரே சுற்றோட்டத்துக்குள் கொண்டுவந்தார். அவருடைய பெரிய சாதனை அதுதான். ஆனால் நம் பாடநூல்களிலும் தேர்வுகளிலும் அதிகம் போடப்படுவது பக்க அசைவு இல்லாத சட்டகம். அங்கே அந்தச் சாதனைக்கு வேலையே இல்லை. பிறகு எதற்காக இந்த முறை? ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முசிறியில் கடைத்தெருவை ஒட்டிக் கட்டப்படும் கட்டடங்களில் பழகிய ஓர் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. கீழே இரண்டு கடைகள், நடுவில் நடை, இடது ஓரம் மாடிப்படி அறை, மேலே வீடு. முன்பக்கச் சட்டகத்தில் மாடிப்படிச் சுவர் க. அங்கிருந்து வலப்பக்கமாக ச, ட, த என்று மூன்று பில்லர்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் உயரம், அடியில் அசையாமல் பிடிக்கப்பட்டவை. கச பீம் 4.5 மீட்டர், நடையின் மேல் சட பீம் 3 மீட்டர், டத பீம் 4.5 மீட்டர். பீமின் நிலைமத் திருப்புத்திறன் பில்லரைப் போல மூன்று மடங்கு. எல்லா பீம்களிலும் மீட்டருக்கு 24 கிலோநியூட்டன் சுமை. மாடிப்படிச் சுவர் கான்கிரீட் சுவர், ஆகவே க முனை திரும்பாது, சட்டகமும் பக்கவாட்டில் நகராது என்று வைத்துக்கொள்கிறோம். இந்த "வைத்துக்கொள்கிறோம்" என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

விறைப்புகளை ஒப்பிட்டால் பில்லர் 1, நீள பீம் 2, குட்டை பீம் 3 என்று அழகாக விழுகிறது. ஒரு மூட்டில் கூடும் உறுப்புகளின் விறைப்பைக் கூட்டி, ஒவ்வொன்றின் பங்கையும் −½ ஆல் பெருக்கினால் சுழற்சிக் காரணி. ச மூட்டில் கூட்டுத்தொகை 6. எனவே சக −1/6, பில்லர் −1/12, சட −1/4. ட மூட்டில் டச −1/4, பில்லர் −1/12, டத −1/6. கடைசி மூட்டான த-வில் கூட்டுத்தொகை 3; தட −1/3, பில்லர் −1/6.

அடுத்து நிலைமுனைத் திருப்புத்திறன். நீள பீம்களில் 40.5, குட்டை பீமில் 18 கிலோநியூட்டன்-மீட்டர். வலஞ்சுழியை நேர்க்குறி என்று கொண்டால் மூட்டுகளில் எஞ்சும் தொகை ச-வில் +22.5, ட-வில் −22.5, த-வில் +40.5. இதற்கு மேல் ஒரே ஒரு விதிதான்: மூட்டின் எஞ்சிய தொகையோடு, அண்டை மூட்டுகள் அனுப்பும் சுழற்சிப் பங்களிப்புகளைக் கூட்டி, காரணியால் பெருக்கு. எஞ்சிய தொகை அதிகமாக உள்ள மூட்டில் தொடங்குவது வழக்கம். ஆகவே த, ட, ச என்ற வரிசை. முதல் சுற்றில் த-வில் 40.5 × (−1/3) = −13.5. ட-வில் −22.5 − 13.5 = −36; டச-வுக்கு +9, டத-வுக்கு +6. ச-வில் 22.5 + 9 = 31.5; சட-வுக்கு −7.875.

| சுற்று | தட | டச | டத | சட |
|---|---|---|---|---|
| 1 | −13.50 | +9.00 | +6.00 | −7.88 |
| 2 | −15.50 | +11.47 | +7.65 | −8.49 |
| 3 | −16.05 | +11.76 | +7.84 | −8.57 |
| 4 | −16.11 | +11.79 | +7.86 | −8.57 |
| 5 | −16.12 | +11.80 | +7.87 | −8.57 |

அட்டவணையில் பில்லர்களும் கச பீமும் இல்லாததைக் கவனியுங்கள். அவற்றின் மறுமுனை திரும்பாது, அங்கிருந்து எந்தப் பங்களிப்பும் வராது. ஆகவே அவற்றை ஒவ்வொரு சுற்றிலும் எழுதத் தேவையில்லை, கடைசியில் ஒருமுறை போட்டால் போதும். பாடநூல்கள் இதையெல்லாம் மூட்டைச் சுற்றிக் கட்டம் வரைந்து உள்ளே எழுதச் சொல்கின்றன. அந்தப் படத்தில் அண்டை மூட்டு எது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும், மறுக்க முடியாது. ஆனால் மூன்றாவது சுற்றுக்குள் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, எது எந்தச் சுற்று என்பது மறைந்துவிடும். அட்டவணையில் மேலிருந்து கீழே பார்த்தாலே எண் அடங்குகிறதா, ஆடுகிறதா என்று தெரிகிறது. மூன்று நான்கு மூட்டுக்கு எனக்கு அட்டவணைதான் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு மூட்டு என்றால் அண்டை முனை எந்த நிரலில் இருக்கிறது என்று தேடுவதிலேயே தவறு வரும்.

முனைத் திருப்புத்திறனுக்கு, நிலைமுனை மதிப்போடு தன் பங்களிப்பை இரண்டு முறையும் மறுமுனையின் பங்களிப்பை ஒரு முறையும் கூட்ட வேண்டும். ட மூட்டில் டச 18 + 23.598 − 8.575 = 33.02, பில்லர் 7.87, டத −40.89. கூட்டினால் பூஜ்யம். ச-வில் சக 29.07, பில்லர் −5.72, சட −23.35, அதுவும் பூஜ்யம். சுவர் முனையில் −46.22. சட்டகத்திலேயே பெரிய எண் அதுதான்.

இப்போது தானே திருத்தும் குணத்தைச் சோதிப்போம். இரண்டாம் சுற்றில் ட மூட்டில் −15.5 என்பதை +15.5 என்று கூட்டிவிட்டதாக வையுங்கள். கூட்டுத்தொகை −45.88 வர வேண்டிய இடத்தில் −14.88 வரும், டச 11.47-க்குப் பதில் 3.72. பெரிய சறுக்கல். ஆனால் மூன்றாம் சுற்றில் அது 10.85, நான்காவதில் 11.69, ஐந்தாவதில் 11.79. இந்தச் சட்டகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிழை எட்டில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குவதுதான் காரணம். கூடுதலாக ஒரு சுற்றுக்கு மேல் செலவில்லை. கிராஸ் முறையில் இதே தவறை மறுமுனைக்குக் கடத்தும்போது செய்திருந்தால், அது கூட்டுத்தொகையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். மூட்டு கடைசியில் சமநிலையில்தான் நிற்கும், விடை மட்டும் தவறாக இருக்கும். கானி முறையில் ஒவ்வொரு சுற்றும் மூலத் தொகையிலிருந்து புதிதாகத் தொடங்குவதால் பழைய பிழைக்கு அங்கே இடமில்லை. பக்க அசைவு இல்லாத சட்டகத்தில் இந்த முறைக்கு உள்ள மெய்யான பலம் இது ஒன்றுதான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

திருத்தாதது எது? ட மூட்டில் −1/4-ஐயும் −1/6-ஐயும் இடம் மாற்றி எழுதிவிட்டால், அட்டவணை அதே அழகோடு அடங்கும். மூட்டின் கூட்டுத்தொகையும் பூஜ்யம் காட்டும். காரணிகளின் கூட்டல் −½ ஆக இருக்கும்வரை அது பூஜ்யம் காட்டித்தான் தீரும். முறையின் இயற்கணிதமே அப்படி. நிலைமுனைத் திருப்புத்திறனைத் தவறாகப் போட்டாலும் இதே கதை. ஆக, மாணவர்கள் அடிக்கோடிட்டு "சரிபார்த்தல்" என்று எழுதும் அந்தப் பூஜ்யம் கூட்டல் கழித்தலை மட்டுமே சரிபார்க்கிறது. உண்மையான சோதனை வேறு. ஒரு மூட்டில் கூடும் எல்லா உறுப்புகளும் ஒரே கோணத்தில்தான் திரும்ப வேண்டும். எனவே பங்களிப்பை விறைப்பால் வகுத்தால் ஒரே எண் வர வேண்டும். ட மூட்டில் 11.80/3, 3.93/1, 7.87/2, மூன்றும் 3.93. காரணிகளை இடம் மாற்றியிருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். ஒரு நிமிட வேலை. ஏனோ செய்வதில்லை.

இதைவிடப் பெரிய தவறு அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. பில்லர்களின் இரு முனைத் திருப்புத்திறன்களைக் கூட்டி உயரத்தால் வகுத்தால் கிடைமட்ட விசை வரும். ச-வும் த-வும் பீம் வரிசையைச் சுவர்ப் பக்கம் தள்ளுகின்றன, 2.86-ம் 8.06-ம். ட எதிர்ப்பக்கம் 3.93. மீதம் ஏறக்குறைய 7 கிலோநியூட்டன். அதை மாடிப்படிச் சுவர் தாங்கினால்தான் "பக்க அசைவு இல்லை" என்பது உண்மை. சுவர் தாங்காவிட்டால் சட்டகம் நகரும், அட்டவணையின் எல்லா எண்களும் வேறாகும். ஐ.எஸ். 456 செங்குத்துச் சுமைக்கு இப்படித் தனிச் சட்டகமாகப் பிரித்துக் கணக்கிட அனுமதிக்கிறது. ஆனால் அமைப்போ சுமையோ சமச்சீராக இல்லாமல் பக்க அசைவு முக்கியமாகும் இடத்தில் விரிவான ஆய்வு தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. நம் சட்டகம் சமச்சீரானது அல்ல.

சரி, 7 கிலோநியூட்டனைச் செங்கல் சுவர்கூடத் தாங்கும் என்று வாதிடலாம். ஆனால் 46 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனை? சிற்றூர்க் கட்டடங்களில் மாடிப்படி அறை ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருப்பது சர்வ சாதாரணம். பீமின் முனையை அது இறுகப் பிடிக்காது, தாங்க மட்டும் செய்யும். அப்படியானால் க முனை கீல்போலத் திரும்பும். அதே கணக்கை அப்படி மாற்றிப் போட்டால் சக 29.07-லிருந்து 45.38 ஆக ஏறுகிறது. கச பீமின் நடுவே 23.1 ஆக இருந்த திருப்புத்திறன் 38.1. ச பில்லரின் உச்சியில் 5.72 இருந்தது 10.24 ஆகிறது. மூன்றாம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் நாம் பார்த்துப் பார்த்துத் துரத்திய வித்தியாசம் 0.1-ஐக்கூடத் தொடவில்லை. முனை எப்படிப்பட்டது என்ற ஒரு முடிவு பீமின் அடிக் கம்பியை ஒன்றரை மடங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: மூன்று மூட்டுச் சட்டகத்துக்குக் கானி அட்டவணை நல்ல கருவி. மூன்று சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்தாலும் அதே விடைதான் என்றாலும், கையால் போடுகிறவருக்கு இதில் தடுக்கி விழும் இடங்கள் குறைவு. மென்பொருள் தரும் விடையைத் தோராயமாகச் சோதிக்க இரண்டு சுற்றே போதும். ஆனால் தேர்வுக்காக அது கற்பிக்கப்படும் விதம் கோணலானது. நான்கு தசமம் வரை சுற்று ஓட்டினால் முழு மதிப்பெண். பிடிமானம் பற்றிக் கேள்வியே கிடையாது. வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "பக்க அசைவு இல்லை" என்று அச்சிட்டுக் கொடுக்காதீர்கள். கிடைமட்ட மீதி எவ்வளவு, அதை எது தாங்குகிறது என்று இரண்டு மதிப்பெண்ணுக்காவது கேளுங்கள்.