கை கழுவிய கதை

நண்பர் ஒருவர் தன் சிறுகதையை ஆங்கிலத்துக்கு அனுப்பும் முன், "மொழிபெயர்ப்பாளருக்கு எதுக்குக் கஷ்டம்?" என்று மரபுத்தொடர்களையும் இரண்டு அர்த்தம் தரும் இடங்களையும் தானே திருத்திவிட்டார். ஆங்கிலத்தில் பிழை இல்லை. கதையும் இல்லை.

இந்த வேலைக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் ஐரோப்பாவில் எளிமையாக்கப்பட்ட ஆங்கிலம் ஒன்றை வகுத்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது. 'ஃபாலோ' என்றால் 'பின்னால் வருவது' மட்டும்தான், விதிக்குக் கட்டுப்படுவது அல்ல. மெக்கானிக் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும். அங்கே இது சரி.

இப்போது கதைக்கு வருவோம். அப்பாவின் கருமாதிச் சாப்பாடு. அவர் வாங்கிய கடனைப் பற்றி யாரோ கேட்கிறார்கள். "அண்ணன் ஒண்ணும் சொல்லல. எழுந்துபோய்க் கையைக் கழுவிட்டான்." கையும் கழுவினான், கடனையும் கைகழுவினான். நண்பர் இதை "அண்ணன் பொறுப்பேற்க மறுத்துவிட்டான்" என்று மாற்றினார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் கை கழுவுவதற்கு இதே பொருள் உண்டு. பைபிளில் பிலாத்து செய்த காரியம் அது. அப்படியே விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். போய்ச்சேரும் மொழி எதைத் தாங்கும் என்று தெரியாமல் முன்கூட்டியே வெட்டினால் இதுதான் நடக்கும்.

அடுத்தது இன்னும் மோசம். கடன் கொடுத்தவரைக் கதை முழுக்க 'அவர்' என்றுதான் எழுதியிருந்தார். ஆணா பெண்ணா என்று 'அவர்' சொல்லாது. கடைசிப் பத்தியில் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கும்போதுதான் அப்பாவின் வேறொரு வாழ்க்கை நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஆண்பால், பெண்பால் கேட்பார்களே என்று நண்பர் முதல் பக்கத்திலேயே "கடன் கொடுத்த பெண்மணி" என்று போட்டுவிட்டார். முடிவு செத்துப்போச்சு. மொழிபெயர்ப்பாளர் பிரதிப்பெயரே வராமல் 'கடன்காரர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வைத்தே ஓட்டியிருக்கலாம். சிரமம்தான், ஆனால் முடியும்.

அப்போ எதையுமே திருத்தக்கூடாதா? திருத்தலாம். அதே கதையில் "நேற்று வந்த பெண்ணின் அண்ணன்" என்று ஒரு இடம். வந்தது பெண்ணா, அண்ணனா? கேட்டேன், அண்ணனாம். எழுதியவருக்கே அந்த இரட்டை அர்த்தம் தெரியாது. அதை "பெண்ணின் அண்ணன் நேற்று வந்திருந்தான்" என்று பிரித்து எழுதினால் தமிழ் வாசகருக்கும் நல்லதுதான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை!

ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியது இதுதான்: இரண்டு அர்த்தமும் எனக்கு வேண்டுமா? வேண்டாமென்றால் மூலத்திலேயே திருத்துங்கள். வேண்டுமென்றால் வாக்கியத்தைத் தொடாமல் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "இங்கே இரண்டும் வேண்டும்", "கடைசிப் பத்திவரை பால் தெரியக்கூடாது." நண்பர் பழைய பிரதியைத் தேடி எடுத்திருக்கிறார். இந்த முறை குறிப்புகளோடு அனுப்பப்போகிறார்.