பிரசவச் செயலியும் அரைப் பக்கத் தாளும்: ஆறு வாரச் சோதனை

இந்தப் பத்தியில் வழக்கமாக போனும் இயர்போனும்தான் வரும். இம்முறை தங்கையின் தலைப்பிரசவம் வந்துவிட்டது. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தஞ்சாவூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த அன்றே போனை நீட்டினாள். "அண்ணா, இதுல பிரசவத் திட்டம் எழுதலாமாம். ஆஸ்பத்திரிப் பைக்கும் லிஸ்ட் தருதாம். நீதான் எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்குற ஆளாச்சே, இதையும் பாரேன்" என்றாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையும் அதே செயலியைத் தன் போனில் இறக்கியிருந்தார். ஆறு வாரம் மூவரும் பயன்படுத்தினோம். செயலியின் பெயர் வேண்டாம். இந்த வகைச் செயலிகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

பிரசவத் திட்டம் என்ற பகுதியில் கேள்விக்கு மேல் கேள்வி. விளக்கு மங்கலாக வேண்டுமா, என்ன இசை வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் பிரசவமா, தொப்புள்கொடியை யார் வெட்டுவது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதும் ஆறு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு பக்கத்தில் ரத்த வகைக்கு இடமே இல்லை. தங்கைக்கு பி நெகட்டிவ், மாப்பிள்ளைக்கு பி பாசிட்டிவ்.

பிள்ளைக்கு அப்பாவின் பாசிட்டிவ் வகை வந்தால், பிரசவத்தின்போது அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கலாம். தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும். முதல் பிள்ளைக்கு இதனால் பெரும்பாலும் கேடில்லை, அடுத்த பிள்ளையைத்தான் அது தாக்கும். அதைத் தடுப்பது ஆன்டி-டி ஊசி. தங்கைக்கு 28ஆம் வாரத்தில் ஒன்று போட்டாயிற்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும். மூன்று ஷிப்ட் சிஸ்டர்கள் மாறும் வார்டில் முதல் வரியாக இருக்க வேண்டிய செய்தி இது. விளக்கின் வெளிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிடிஎஃபை ஓரம் கட்டிவிட்டு, அரைப் பக்கத்தில் கையால் ஒன்று எழுதினோம். 34ஆம் வாரப் பரிசோதனையில் டாக்டரம்மாவிடம் காட்டியபோது இரண்டு வரிகளை அடித்தார். வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடூரல் வேண்டும் என்று எழுதியிருந்தோம். "ராத்திரியில எங்ககிட்ட மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டார். சிசேரியன்னா கூப்பிட்டு வரவைப்போம், எபிடூரலுக்கு முடியாது" என்றார். பிறப்புறுப்பில் கீறல் போடவே கூடாது என்ற வரியை, 'தேவைப்பட்டால் சொல்லிவிட்டுச் செய்யவும்' என்று மாற்றினார். அந்தப் பத்து நிமிடப் பேச்சுதான் திட்டத்தின் முழுப் பயன் என்று எனக்குத் தோன்றியது. எந்த மருத்துவமனையில் எது உண்டு, எது இல்லை என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது. 36ஆம் வாரத்துக்கு மேல் போய்க் கேட்டால் வேறு இடம் பார்க்கவும் நேரமிருக்காது.

கடைசியில் தாளில் நின்றவை இவை. மேலே பெயர், வயது, 'பி நெகட்டிவ், 28ஆம் வாரம் ஆன்டி-டி போட்டது' என்பது சிவப்பு மையில். அடுத்து பிக்மி எண். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அது வேண்டும். லேபர் வார்டில் துணைக்கு அம்மா. பிள்ளை நன்றாக அழுதால், கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது பொறுக்கவும். துடைத்துத் தாயின் மார்பில் போடவும். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். பிறகு தனிக் கோடு போட்டு, 'சிசேரியன் ஆனால்' என்று மூன்று வரி: அம்மாவுக்குத் தகவல் சொல்லவும், குழந்தையைத் தாயின் கன்னத்தில் வைத்துக் காட்டவும், முடிந்தால் முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுக்க உதவவும். சுகப்பிரசவத்துக்கு மட்டும் எழுதிய திட்டம், ஆபரேஷன் என்றதும் வெறும் காகிதமாகிவிடும்.

தாளின் கடைசி வரி டாக்டருக்கு எழுதியதல்ல, எங்கள் சொந்தக்காரர்களுக்கு. 'சேனை வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், சீம்பால் மட்டும்.' குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேனில் சிசுவுக்கு ஆகாத கிருமி இருக்கலாம் என்று நான் வாயால் சொன்னபோது பெரியத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட தாளில் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

இனி பை. செயலியின் பட்டியலில் அறுபதுக்கு மேல் பொருள்கள். மசாஜ் பந்து, வாசனை எண்ணெய், ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. எதை எங்கே வைப்பது என்ற யோசனை மட்டும் இல்லை. பையை அடுக்குபவள் தங்கை. திறந்து தேடப்போவது வேறு ஆள், அதுவும் இரவில், பதற்றத்தில். அதனால் ஒரு சோதனை வைத்தேன். தங்கை அடுக்கிய டிராலிப் பையை, விடுமுறைக்கு வந்திருந்த மாப்பிள்ளையிடம் கொடுத்து, அறை விளக்கை அணைத்து, போன் வெளிச்சத்தில் குழந்தையின் குல்லாவை எடுக்கச் சொன்னேன். நான்கு நிமிடம் ஆனது. கட்டில் அடியில் டிராலி முழுதாகத் திறக்கவும் இடமில்லை.

தீர்வு பீரோவிலேயே இருந்தது. புடவை வைக்கிற, ஜிப் போட்ட கண்ணாடிக் கவர்கள் மூன்று. அவற்றை ஒரு பெரிய கட்டைப்பையில் நிமிர்த்தி வைத்தோம். முதல் கவர் லேபர் வார்டுக்கு: முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி ஒன்று, பெரிய பிரசவ நாப்கின் ஒரு பாக்கெட், வழுக்காத செருப்பு, தண்ணீர் பாட்டில், தலை கட்ட ரப்பர் பேண்ட். இரண்டாவது, அப்படியே சிஸ்டர் கையில் கொடுக்க, குழந்தைக்கு: துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணி நான்கு, குல்லா, ஜப்லா, காலுறை, நாப்பி. பிறக்குமுன் புதுத்துணி வாங்கக் கூடாது என்று அம்மா சொன்னது இங்கே வசதியாகவே போயிற்று. பழைய வேட்டியைவிட மிருதுவான துணி கடையில் இல்லை. மூன்றாவது வார்டுக்கு: இன்னும் மூன்று நைட்டி, இடுப்புக்கு மேல் ஏறி நிற்கும் தளர்வான உள்ளாடைகள், மேலும் இரண்டு பாக்கெட் நாப்கின், பிளாஸ்க், டம்ளர், நீளமான சார்ஜர் ஒயர். உள்ளாடை தளர்வாக இருப்பது ஆபரேஷன் தையலில் உரசாமலிருக்க. சிசேரியன் என்றால் உதிரப்போக்கு இருக்காது என்று நினைத்து நாப்கினைக் குறைத்துவிடுகிறவர்கள் உண்டு. கருப்பை சுருங்கும்வரை அதிலும் உதிரம் போகத்தான் செய்யும்.

ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை எல்லாம் தனி ஃபைலில். அதன் முகப்பில் அந்த அரைப் பக்கத் தாள். இரண்டாம் முறை அதே சோதனை வைத்தபோது, குல்லா இருபது நொடியில் மாப்பிள்ளை கையில் இருந்தது.

பட்டியலுக்குச் செயலியை விட்டுவிட்டு கூகுள் கீப்புக்கு மாறினோம். Collaborator என்பதைத் தொட்டு அம்மாவையும் மாப்பிள்ளையையும் சேர்த்தால், ஒருவர் டிக் அடித்தது மற்றவர் போனிலும் தெரிகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் கவர் எண்ணைப் போட்டோம்: '2 குல்லா', '3 பிளாஸ்க்'.

பட்டியலில் வராத ஒரு வேலை வளையல். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கை வரை. ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடுகிற நேரத்தில் அவற்றை உடைக்கவா முடியும்? சோப்புத் தண்ணீர் விட்டு இடக்கையைக் காலி செய்து, வலக்கையில் மூன்று மட்டும் விட்டோம். விரல் நகப் பாலிஷையும் அழித்தாயிற்று. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் கருவி அதில் தடுமாறலாம்.

செயலியில் எனக்குப் பிடித்தது வலி எண்ணும் கடிகாரம். வலி தொடங்கும்போது ஒரு தட்டு, விடும்போது ஒரு தட்டு. 37ஆம் வாரத் தொடக்கத்தில் ஒரு மாலை அது உதவியது. இடைவெளி 8 நிமிடம், 13, 7, 20 என்று தாறுமாறாக இருந்தது. சீரகக் கஷாயம் குடித்துக் கொஞ்சம் நடந்ததும் நின்றுவிட்டது. சூட்டு வலி. நிஜ வலி நடந்தால் அடங்காது, நெருங்கிக்கொண்டே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்பச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

ஆனால் நிஜமான இரவில் எண்ணுவதற்கு வலியே வரவில்லை. 37 வாரம் 4 நாள், இரவு 1:40க்குப் பனிக்குடம் உடைந்தது. செயலியைத் திறந்தால், 'இன்னும் 17 நாள்' என்று ஒரு பூப்படம். தாளின் பின்பக்கம் நாங்கள் எழுதி வைத்திருந்தோம்: தண்ணீர் போனாலோ, உதிரம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளவும். நாப்கின் வைத்துப் பார்த்தோம், நிறமில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். 2:25க்கு லேபர் வார்டில் டூட்டி சிஸ்டர் முதலில் கேட்டவையும் அந்த இரண்டும்தான்: எத்தனை மணிக்கு, என்ன நிறம்?

காலையில் வலி வர மருந்து ஏற்றினார்கள். மாலையில் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்க, ஆறு மணிக்கு சிசேரியன். ஆண் பிள்ளை. கன்னத்தில் வைத்துக் காட்டினார்கள். பால் கொடுக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது. மறுநாள் பகல் ஷிப்டுக்கு வந்த சிஸ்டர் ஃபைலைத் தூக்கியதும் சிவப்பு வரியைப் பார்த்து, "பாப்பா குரூப் வந்துடுச்சா?" என்று லேபுக்குப் போன் போட்டார். பாசிட்டிவ். பிற்பகலிலேயே ஆன்டி-டி போட்டாயிற்று.

பையில் திறக்காமலே திரும்பியவை ஸ்பீக்கர், பவுடர் டப்பா, பால் புட்டி. பட்டியலில் இல்லாமல் தவித்தது ஒன்றே ஒன்று. துணைக்கு வந்த அம்மாவின் பிபி மாத்திரை. இரண்டாம் நாள் தலைசுற்றல் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தேன். துணைக்கு வருபவருக்கும் ஒரு நாலாவது கவர் போட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்: செயலிக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் அந்தக் கடிகாரத்துக்காக. தாளும் மூன்று புடவைக் கவரும் நாலரை. அரை மதிப்பெண் பிபி மாத்திரைக்குப் போய்விட்டது.