ஊரை விட்டுப் போகிறவரின் மெட்ரோ அட்டை

செம்பரம்பாக்கத்தில் மெட்ரோ ஸ்டேஷன் கிடையாது. ஆனாலும் இங்கே வாடகை அறைகளில் தங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகிற பலரின் பர்ஸில் ஒரு மெட்ரோ அட்டை இருக்கும். கோயம்பேடு வரை பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ. ஊருக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் மட்டும்தான் அதற்கு வேலை. கான்ட்ராக்ட் முடிந்து ஒரேயடியாகக் கிளம்பும்போது அதில் கிடக்கிற பணம் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பழைய பயண அட்டையை எடுத்துக்கொள்வோம். சென்னை மெட்ரோ நிறுவனமே கொடுத்தது. 50 ரூபாய் வைப்புத்தொகை, மேலே நாம் ஏற்றும் பணம். 2025 ஆகஸ்ட் 1 முதல் இதற்கு ரீசார்ஜ் நிறுத்தப்பட்டது. இருக்கிற பாக்கியைப் பயணம் செய்தே கரைக்க வேண்டும், அது 50 ரூபாய்க்குக் கீழே போனதும் கவுன்டரில் அட்டையைக் கொடுத்து வைப்புத்தொகையை வாங்கிக்கொள்ளலாம், சிங்கார சென்னை அட்டையை இலவசமாகப் பெறலாம் என்று அறிவிப்பு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் அட்டையில் 130 ரூபாய் இருக்கிறது, அவர் போகும் தூரத்துக்கு டிக்கெட் 30 என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆகவே ஒரு தடவைக்கு 24 கழியும். 130, 106, 82, 58, 34. நான்கு பயணம் போனால்தான் 50-க்குக் கீழே வரும். தினமும் ஆபீஸ் போகிறவருக்கு இது இரண்டு நாள் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வருகிறவருக்கு இரண்டு வருஷம்! ஒரேயடியாகக் கிளம்புகிறவருக்கோ சென்ட்ரல் வரை ஒரே ஒரு பயணம்தான் மிச்சம். அடிக்கடி போகிறவரை மனதில் வைத்துப் போட்ட விதி இது. அதற்கு விலை கொடுப்பவர் எப்போதாவது போகிறவர்.

சிங்கார சென்னை அட்டை வேறு ஜாதி. 2023 ஏப்ரலில் ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து கொண்டுவந்த தேசிய பொதுப் போக்குவரத்து அட்டை அது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது மெட்ரோவை அல்ல, ரிசர்வ் வங்கியை. போக்குவரத்துக்கென்றே கொடுக்கப்படும் முன்பண அட்டைகளுக்கு அடையாளச் சரிபார்ப்பு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் அது தளர்த்தியது. உச்சவரம்பு 3,000 ரூபாய். கூடவே ஒரு நிபந்தனை: பணமாக எடுக்கவோ, திரும்பப் பெறவோ, வேறு கணக்குக்கு மாற்றவோ முடியாது. காரணம் புரிகிறது. பெயர் தெரியாத அட்டையில் ஒருவர் போட்ட பணத்தை இன்னொருவர் ரொக்கமாக எடுக்க முடிந்தால், அது கள்ளப் பணத்துக்கு ஒரு வழி. முழுச் சரிபார்ப்பு செய்த முன்பண அட்டை என்றால், மூடும்போது பாக்கியை வங்கிக் கணக்குக்கு மாற்ற விதியில் இடமுண்டு. ஆகவே கையிலிருக்கும் அட்டை எந்த வகை என்று கிளம்புகிற வாரத்தில் அல்ல, முன்னாடியே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கல் சில்லு. போனில் ரீசார்ஜ் செய்த பணம் உடனே அட்டைக்குள் வராது. ஸ்டேஷன் கருவியில் அட்டையை வைத்துப் புதுப்பித்த பிறகுதான் சில்லில் ஏறும். கேட்டில் காட்டுவது சில்லில் இருக்கும் தொகை மட்டும். "போட்டேன், காணோம்" என்கிற புகாரில் பெரும்பாலும் பணம் இந்த இடைவெளியில்தான் நிற்கும். அதைப் புதுப்பிக்காமல் ரயில் ஏறிவிட்டால், ஒரிசா கிராமத்திலோ தென்காசியிலோ அதற்குக் கருவி எங்கே இருக்கிறது?

பெங்களூருக்கோ டெல்லிக்கோ போகிறவர் கவலைப்பட வேண்டாம், அட்டை அங்கேயும் செல்லும். மெட்ரோவே இல்லாத ஊருக்குத் திரும்புகிறவருக்குத்தான் நஷ்டம். ஒரு சின்ன வழி இருக்கிறது: 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் இந்த அட்டை எடுபடுகிறது, கடைசி மாதத்தில் பஸ்ஸிலேயே கரைத்துவிடலாம். பழைய அட்டைக்கு அந்த வசதியும் இல்லை. அந்த மாதம் மெட்ரோவுக்குப் புதிதாக எதுவும் ஏற்றாமல் போனில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் போதும், அதே 20 சதவீதம் அதிலும் கிடைக்கிறது.

டோக்கியோவில் சுயிக்கா அட்டைக்கு 500 யென் வைப்புத்தொகை. கவுன்டரில் கொடுத்தால் பாக்கியிலிருந்து 220 யென் கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் வைப்புத்தொகையையும் கையில் தருகிறார்கள். 1,000 யென் இருந்தால் 780-உம் 500-உமாக 1,280. பாக்கியே இல்லை என்றால் கட்டணமும் இல்லை, முழு 500 வரும். பிடிக்கிறார்கள்தான், ஆனால் எவ்வளவு என்று சொல்லிப் பிடிக்கிறார்கள். எத்தனை தடவை பயணம் செய்தாய் என்று கேட்பதில்லை. பழைய அட்டையைப் பொறுத்தவரை சென்னை மெட்ரோவும் அப்படிச் செய்யலாம். சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரே ஒரு கவுன்டரில், பாக்கி எவ்வளவு இருந்தாலும் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரட்டும். ஊருக்குப் போகிறவர்கள் எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறார்கள்.