எட்டு விநாடிக்கு முந்தைய கோல்

சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக் தொடங்கும்போது பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகள் சாத்தியிருக்கும். சாப்பாட்டுக் கடைகளில்தான் வெளிச்சம். மார்க்கெட் தெரு முனையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த ஓர் இரவு, பக்கத்து மேசை இளைஞர் கைப்பேசியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்கு எதிரே செயற்கைக்கோள் தொலைக்காட்சி வைத்திருந்த கடையில் திடீரென்று பெருங்கூச்சல். "அண்ணே, இங்க பந்து இன்னும் நடு மைதானத்திலேயே கிடக்கு, அவனுங்க ஏன் இப்படிக் கத்துறானுங்க?" என்று என்னைக் கேட்டார். அரை நிமிடம் கழித்து அவருடைய திரையிலும் கோல் விழுந்தது. பார்க்க வந்தவருக்கு அது வெறும் எரிச்சல். ஆனால் அதே கைப்பேசியில் இன்னொரு பக்கத்தைத் திறந்து, இந்த வட்டாரத்தில் 'ரன்னிங் பால்' என்று சொல்லப்படும் நேரலைப் பந்தயம் கட்டுபவருக்கு அந்த அரை நிமிடம் காசு.

நேரலைப் பந்தயத்தின் கணக்கு உண்மையில் நேர்த்தியானது. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். சம பலமுள்ள இரண்டு அணிகள் ஆடுகின்றன. தொண்ணூறு நிமிடத்துக்கு இரண்டு அணிகளுக்கும் சேர்த்துச் சராசரியாக 2.7 கோல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.03 கோல். எண்பதாவது நிமிடத்தில் ஸ்கோர் 0-0 என்றால் மீதிப் பத்து நிமிடத்தில் ஒவ்வோர் அணியிடமும் எதிர்பார்க்கக்கூடியது 0.15 கோல்தான். அரிதாக நடக்கும் நிகழ்வுகளுக்கான பாய்சான் சூத்திரத்தில் இதைப் போட்டால் உள்ளூர் அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 12 விழுக்காடு. லாபம் சேர்க்காத நியாயமான விகிதம் 8.25, அதாவது ஒரு வெள்ளி வைத்தால் 8.25 வெள்ளி திரும்பி வரும். யாரும் கோல் போடாமல் கடிகாரம் நகர நகர இந்த விகிதம் தானாகவே ஏறிக்கொண்டே போகும். உள்ளூர் அணி ஒரு கோல் போட்ட அந்த நொடியில் வாய்ப்பு 88 விழுக்காட்டுக்குத் தாவி, விகிதம் 1.14க்கு விழும். எதிரணி போட்டால் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும்.

நிஜ ஆட்டத்தில் இறுதி நிமிடங்களில் கோல் சற்றுக் கூடுதலாக விழும், சிவப்பு அட்டை எல்லாவற்றையும் மாற்றும். பந்தய நிறுவனங்கள் அதையெல்லாம் சேர்த்தே கணக்கிடுகின்றன. அதனால் நன்றாக நடத்தப்படும் ஒரு நேரலை விகிதம், ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வர்ணனையாளரைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடும். விற்கப்பட்ட ஆட்டங்களில் விகிதம் களத்துக்குப் பொருந்தாமல் நகர்வதை வைத்தே கண்காணிப்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்பதும் இதன் நன்மைதான்.

கோளாறு கணக்கில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. மைதானத்தில் உட்கார்ந்து தகவல் அனுப்புபவர் கோலைப் பதிவு செய்ய ஓரிரு விநாடி போதும். செயற்கைக்கோள் ஒளிபரப்பு பல விநாடி பிந்தும். இணைய ஒளிபரப்போ படத்தைத் துண்டு துண்டாக நறுக்கிச் சேமித்து அனுப்புவதால் அரை நிமிடம்கூடப் பிந்தலாம். ஆகவே 0-0 என்று ஒருவர் திரையில் பார்க்கும்போது களத்தில் ஏற்கெனவே 1-0 ஆகியிருக்கலாம்.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன ஆட்டத்தில் நிறுவனம் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு 7.50 தருகிறது என்போம். களத்தில் நடப்பது எதுவும் முன்கூட்டித் தெரியாமல் 50 வெள்ளி கட்டுபவருக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 45 வெள்ளிக்குச் சற்று மேல். கோல் விழுந்ததை எட்டு விநாடி முன்னதாக அறிந்து, பழைய விகிதம் மாறுவதற்குள் கட்டுபவருக்கோ சராசரியாக 330 வெள்ளி திரும்புகிறது. இரண்டு பேரும் ஒரே அணியை நம்பினார்கள், ஒரே தொகையை வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும் இடத்தில் ஆள் நுழையாமல் இருப்பதில்லை. 2021 ஐபிஎல்லில் இந்தியாவில் நடந்த ஆட்டங்களுக்குக் கொரோனா காரணமாகப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அப்படியும் டெல்லி அருண் ஜேட்லி அரங்கில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஒதுக்குப்புறமாக நின்று கைப்பேசியில் ஒவ்வொரு பந்தையும் வெளியே சொல்லிக்கொண்டிருந்ததாகவும், விசாரித்தபோது தன் கைப்பேசிகளைப் போட்டுவிட்டு ஓடியதாகவும் கிரிக்கெட் வாரிய ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவர் தெரிவித்தார். அந்த மனிதர் ஆட்டத்தை விற்றதாக யாரும் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கு முந்திய சில விநாடிகளை விற்றார் என்பதே குற்றச்சாட்டு. 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் இதையே செய்ததாகக் கைதான பிரிட்டிஷ் இளைஞர் மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. கண்ணால் கண்டதை உடனே சொல்வது குற்றமா என்பதில் சட்டமே தடுமாறுகிறது.

நிறுவனங்கள் இதற்குக் கண்ட மருந்து, பந்தயத்தை நிறுத்திவைப்பது. பொத்தானை அழுத்தியபின் ஐந்து முதல் எட்டு விநாடி வரை பந்தயம் 'பெண்டிங்' நிலையில் நிற்கும். அதற்குள் கோல் விழுந்தாலோ ஆபத்தான தாக்குதல் என்று மைதானத்திலிருந்து தகவல் வந்தாலோ தள்ளுபடி. அரங்கிலிருந்து பந்தயம் கட்டுபவரைத் தடுக்க இது சரியான வழி என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தக் காத்திருப்பு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வேலை செய்தால்தான் அது நியாயம். நீங்கள் நம்பிய அணி கோல் போட்டால் பந்தயம் தள்ளுபடி, எதிரணி போட்டால் ஏற்பு என்று ஒரு நிறுவனம் நடந்துகொண்டால், அது விலையைப் பார்த்துவிட்டுச் சரக்கு வாங்குகிறது என்று பொருள். பாதுகாப்பு என்ற பெயரில் அது எடுக்கும் காசு, விகிதத்தில் வெளிப்படையாகக் கழிக்கும் லாபத்துக்கு மேல் வருவது.

கட்டுபவர் இதைக் கண்டுபிடிப்பது கடினம். எட்டு விநாடியில் ஒரு கோல் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் நான்குதான். ஆகவே 250 பந்தயத்துக்கு ஒருமுறைதான் இந்தச் சோதனையே நடக்கிறது. பரபரப்பான நேரத்தில் கட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் அடிக்கடி நடக்கும். தள்ளுபடியான பந்தயங்களையும், அந்த விநாடிகளில் எந்தப் பக்கம் கோல் விழுந்தது என்பதையும் ஒரு நோட்டில் மாதக்கணக்கில் குறித்து வந்தால்தான் வடிவம் தெரியும். அப்படிக் குறித்து வருபவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நேரலைப் பந்தயத்தின் வேகமே அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரே ஆட்டத்தில் இருபது முறை கட்டச் செய்து, ஒவ்வொரு முறையும் 50 வெள்ளிக்கு நாலைந்து வெள்ளியைக் கழித்துக்கொள்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒரே ஒரு முறை கட்டுபவர் அந்தக் கழிவை ஒரே ஒரு முறைதான் தருகிறார்.

மற்ற நாடுகள் இதை வெவ்வேறு விதமாக அணுகியிருக்கின்றன. நேரலையில் ஒளிபரப்புத் தாமதத்தால் வாடிக்கையாளர் பின்தங்கியிருக்கக்கூடும் என்று தெரிவிக்கும்படி பிரிட்டனில் விதி இருக்கிறது. எச்சரிக்கை நல்லதுதான், ஆனால் எத்தனை விநாடி என்று சொல்லாத எச்சரிக்கையால் கட்டுபவர் எதையும் கணக்கிட முடியாது. ஆஸ்திரேலியா இணையத்தில் விளையாட்டுக்கான நேரலைப் பந்தயத்தையே தடுத்து, தொலைபேசியில் பேசிக் கட்டுவதை விட்டுவைத்தது; தொலைபேசி என்ற பெயரில் திரையிலேயே கட்டவிட்ட ஓட்டையை 2017இல் அடைத்தது. எனக்கு ஆஸ்திரேலிய வழியே சரியென்று படுகிறது. வேகத்தைக் குறைத்தால் விநாடியின் மதிப்பும் குறைகிறது, பந்தயங்களின் எண்ணிக்கையும் குறைகிறது.

மலேசியாவில் நிலை வேறு. 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் தரும் பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் மத்திய அரசு அதைக் கைவிட்டது. பினாங்கு மாநில அரசும் அப்போது அதை எதிர்த்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் இன்றும் செல்லும். ஆனால் பந்தயம் நின்றுவிடவில்லை, ஏஜெண்டின் கைப்பேசிக்குள் போய்விட்டது. அங்கே காத்திருப்பு எத்தனை விநாடி, தள்ளுபடி விதி என்ன என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி சட்டவிரோத புக்கியிடம் கட்டுபவரும் குற்றவாளியே. மார்க்கெட் தெருவில் என்னைக் கேட்ட அந்த இளைஞர் பந்தயம் கட்டி, நோட்டுப் போட்டு, தனக்கு எதிராக மட்டுமே விநாடிகள் எண்ணப்படுகின்றன என்று கண்டுபிடித்தாலும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்துக்கும் அவர் போக முடியாது.