ஒழுங்கைச் சிதைத்துப் பெற்ற வேகம்

எந்தத் தரவையும் ஹாஷ் டேபிளில் போட்டுவிட்டால் போதும், பி-ட்ரீ முதலிய வரிசை அமைப்புகளெல்லாம் பழங்காலத்துச் சுமை என்றொரு வாதம் பொறியாளர் வட்டாரங்களில் பிரபலமாகி வருகிறது. முழுக் கீயைக் கொடுத்து அதற்குரிய மதிப்பைக் கேட்கும் காரியத்தில், டேபிள் எவ்வளவு பெரிதானாலும் சராசரியாக ஒன்றிரண்டு எட்டில் விடை தரும் அதன் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாமர்த்தியம் எதை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதை இவ்வாதிகள் யோசிப்பதேயில்லை.

அஞ்சல் பின்கோடுகளை 97 அறைகளில் இடுவதாகக் கொள்வோம். எண்ணை 61-ஆல் பெருக்கி, 97-ஆல் வகுத்து, வரும் மீதியே அறை எண். மதுரையின் 625001 என்ற எண் 84-ஆம் அறைக்கும், அடுத்த 625002 நாற்பத்தெட்டாம் அறைக்கும், 625003 பன்னிரண்டாம் அறைக்கும் சிதறிப் போக, 84-க்கு அண்டையிலுள்ள 85-ஆம் அறையிலோ சென்னையின் 600010 வந்து அமர்கிறது. இந்நிலையில் 625001 முதல் 625020 வரையுள்ளவற்றைத் தருக என்றால், தொடக்கத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து நடந்துசெல்ல வழியே இல்லை. இருபது எண்களையும் தனித்தனியே கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், முழு எண்களாகவும் குறுகிய எல்லையாகவும் இருக்கும்வரை. ‘முரு’ என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் கேட்டால், எத்தனை பெயர்களை ஊகித்து ஊகித்துக் கேட்பது? ஹாஷ் கணக்குக்கு முழுப் பெயரும் வேண்டும்; ‘முரு’வின் ஹாஷ் எண் ‘முருகேச’னின் அறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. எல்லா அறைகளையும் திறந்து பார்ப்பது ஒன்றே மிஞ்சும் உபாயம்.

இக்குறையை நல்ல ஹாஷ் சார்பு ஒன்றால் தீர்க்கலாம் என்பது வீண் ஆசை. சார்பு நல்லதாகுந்தோறும் குறை முற்றுகிறது. ஏனெனில், ஒன்றுக்கொன்று நெருங்கிய கீகள் ஒரே அறையில் குவிந்து தேடலை மந்தமாக்காமல் அவற்றைச் சிதறடிப்பதே அச்சார்பின் தர்மம். வரிசையைக் காக்கும் சார்பை வைத்தாலோ, ஒரே பகுதியைச் சேர்ந்த கீகள் திரளும்போது சில அறைகள் நிரம்பி வழிய, மற்றவை காலியாகக் கிடக்கும். எந்த வேகத்துக்காக இதை விரும்பினோமோ அந்த வேகமே பறிபோகும்.

போஸ்ட்கிரெஸில் `USING hash` என்று அமைத்த இன்டெக்ஸ் `=` ஒன்றுக்கே பயன்படும்; வேறு இன்டெக்ஸ் இல்லாத நிலையில், `pin BETWEEN 625001 AND 625020` என்ற வினாவுக்கு முன்னால் `EXPLAIN` சேர்த்துப் பார்த்தால், டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படிப்பதைக் குறிக்கும் `Seq Scan` தென்படும். சில ஆயிரம் வரிகள் உள்ளவரை ஒருவரும் கவனியார். கோடியைத் தொடும்போது பக்கம் திறக்கவில்லை என்ற புகார் வரும். அதே கோடி வரிகளில் பி-ட்ரீ ஒரு கீயைக் கண்டெடுக்க மூன்று நான்கு பக்கங்களைப் படிக்கிறது. அங்கிருந்து அண்டைப் பக்கங்களின் வழியே வரிசையாக நகர்கிறது. இந்த மூன்று நான்கு பக்கங்களை மிச்சப்படுத்தவா வரிசை முழுவதையும் பலியிடுவது?

ஹாஷ் டேபிளையே ஆதாரமாகக் கொண்ட ரெடிஸ்கூட, வரிசை தேவைப்படும் ‘சார்ட்டட் செட்’ பெரிதாகும்போது, ஓர் உறுப்பினரின் மதிப்பெண்ணை அறிய ஹாஷ் டேபிளையும், இன்ன மதிப்பெண் முதல் இன்ன மதிப்பெண் வரை என்று எடுக்க ஸ்கிப் லிஸ்ட் என்னும் வரிசை அமைப்பையும் அருகருகே வைத்துக்கொள்கிறது.