ஒரு துண்டு குறைந்தால்: பிரித்து அனுப்பும் ஜிப் முறையின் பலமும் பலவீனமும்

பெரிய ஜிப் கோப்பைத் துண்டுகளாகப் பிரிக்கும் வழக்கம் ஃபிளாப்பி காலத்தில் வந்தது. 1.44 எம்பி தட்டில் அடங்காததைப் பல தட்டுகளில் பரப்ப உதவிய அதே ஏற்பாடு, இன்று ஜிமெயிலின் 25 எம்பி வரம்பைச் சமாளிக்கப் பயன்படுகிறது. பழுதான ஒரு துண்டை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும் என்பது இதன் பெரிய வசதி. துண்டுகள் ஒன்றையொன்று நம்பியிருப்பது இதன் பெரிய குறை.

தேனாம்பேட்டையில் ஒரு வடிவமைப்பு நிலையம் தீபாவளி மலர் ஒன்றைச் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்புவதாகக் கொள்வோம். மலரில் ஒன்பது ஃபாரங்கள். ஒவ்வொரு ஃபாரமும் ஏறத்தாழ 9.6 எம்பி அளவுள்ள தனி ஜிப். அவை ஒன்பதையும் உள்ளடக்கிய பெரிய ஜிப், 20 எம்பி வீதம் malar.z01 முதல் malar.z04 வரையும், மிஞ்சிய 6.4 எம்பி malar.zip என்றும் பிரிகிறது. பெயரைப் பார்த்து malar.zip-ஐ முதல் துண்டு என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அதுதான் கடைசித் துண்டு. எந்தக் கோப்பு எந்தத் துண்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை அதன் முடிவில்தான் இருக்கிறது.

பெயர் மாறிப்போவது சாதாரணமாக நடப்பது. பதிவிறக்கும்போது பிரவுசர் (1) என்று சேர்த்துவிடும். விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைப்பதால், malar.z03 என்று திருத்திய பெயர் malar.z03.zip ஆகிவிடும். அளவு சிறியதாக இருப்பது கடைசித் துண்டு என்று அறியலாம். முதல் துண்டை அதன் தொடக்க பைட்டுகள் காட்டிக்கொடுக்கும்:

```
xxd -l 4 malar.z01
```

இப்படிப் பிரித்த ஜிப்பின் முதல் துண்டு 50 4b 07 08 என்று தொடங்கும். நடுத்துண்டுகளுக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது. ஒரு படத்தின் நடுவில் வெட்டப்பட்ட துண்டு தன் வரிசை எண்ணைச் சொல்லாது. ஆகவே ஒரு வரிசையை அனுமானித்துப் பெயரிட்டு, 7z t malar.zip என்று சோதித்துப் பார்ப்பதே வழி. வரிசை தவறினால் ஒவ்வொரு கோப்புக்கும் பதிவாகியுள்ள சிஆர்சி எண் பொருந்தாமல் பிழை காட்டும். ரார் வடிவத்தில் இந்தக் குழப்பம் குறைவு. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தத் தலைப்பு உண்டு.

அடுத்து, malar.z02 வந்து சேரவேயில்லை என்று வைத்துக்கொள்வோம். அதில் இருந்தது 20 முதல் 40 எம்பி வரையிலான பகுதி. ஃபாரம் 1, 2 இரண்டும் முதல் துண்டில் முழுமையாக உள்ளன. 6 முதல் 9 வரை பின்துண்டுகளில் உள்ளன. இந்த ஆறும் தப்பும். நான்காவது ஃபாரம் முழுவதும் போய்விட்டது. மூன்றாவதில் முதல் 0.8 எம்பி மட்டும் மிஞ்சும். அதன் அட்டவணை காணாமற்போன பகுதியில் இருந்தது. ஐந்தாவதில் முதல் 1.6 எம்பி இல்லை. அட்டவணையும் மற்ற பக்கங்களும் இருக்கின்றன. இத்தகைய நிலையில் பயன்படும் கட்டளை:

```
zip -FF malar.zip --out meetpu.zip
```

இது அட்டவணையை நம்பாமல் தொடக்கத்திலிருந்து முத்திரைகளைத் தேடிச் செல்லும். இல்லாத துண்டைக் கேட்கும்போது அதைத் தவிர்க்கச் சொல்லலாம். மீட்டதை மறுபடி சோதிக்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. பாதியில் நின்ற கோப்பும் பட்டியலில் முழுக்கோப்பு போலவே தெரியலாம்.

ஐந்தாவது ஃபாரத்தின் எஞ்சிய பக்கங்கள் மீளுமா என்பதை, ஜிப்புக்குள் ஜிப் வைத்த விதம் தீர்மானிக்கிறது. வெளி ஜிப் உள்ளிருப்பதைச் சுருக்காமல் அப்படியே வைத்திருந்தால், உள் ஜிப்பின் பைட்டுகள் மாறாமல் கிடக்கும். அவற்றைத் தனியே வெட்டியெடுத்து மீட்பு முயற்சி செய்யலாம். வெளியிலும் சுருக்கியிருந்தால் தொடக்கமில்லாத அந்தப் பகுதியை விரிப்பது மிகக் கடினம். ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி சுருக்கினால் இடமும் அநேகமாக மிச்சமாகாது. zip -0 என்று கட்டுவதே நல்லது. பல கோப்புகளை ஒரே தொடராகச் சுருக்கும் 7z வடிவத்தில் இழப்பு இன்னும் பெரிது: ஒரு துண்டு போனால் அதே தொடரில் பின்னால் வருபவையும் போகக்கூடும்.

காணாமற்போன பைட்டுகளை எந்த மென்பொருளும் கற்பனை செய்து தராது. அவை திரும்ப வேண்டுமானால், அனுப்பும்போதே உபரித் தகவல் சேர்ந்திருக்க வேண்டும். ரார் முறையில் ஒரு .rev கோப்பு, காணாமற்போன எந்த ஒரு துண்டுக்கும் ஈடாகும். மற்ற வடிவங்களுக்குப் பார்2 அந்த வேலையைச் செய்யும்.

மொத்தத்தில், அளவு வரம்பைத் தாண்டுவதற்கு இம்முறை பயனுள்ளது. பாதுகாப்புக்கு இதை நம்ப முடியாது. ஒரே கோப்பு வரம்பை மீறும்போது மட்டும் பைட் கணக்கில் வெட்டலாம். மேற்சொன்ன மலருக்கு அது தேவையே இல்லை: ஒன்பது ஃபாரங்களையும் ஒன்பது தனி ஜிப்களாக அனுப்பியிருந்தால், ஒன்று தொலைந்தாலும் மற்ற எட்டும் எந்தச் சிக்கலும் இன்றித் திறந்திருக்கும்.